கழுத்தைத் திருப்பினால் கை நீளும்: அனிச்சைகள் மறையாமல் நீடித்தால் மூளை முடக்குவாதமா?

தூளியில் தூங்கும் கைக்குழந்தை. சமையலறையில் ஒரு தட்டு கீழே விழுகிறது. குழந்தைக்குத் தூக்கிவாரிப் போடுகிறது: இரண்டு கைகளும் அகல விரிகின்றன, விரல்கள் பிரிகின்றன, பிறகு எதையோ கட்டிக்கொள்வதுபோல் கைகள் மார்பை நோக்கி வந்து சேர்கின்றன, உடனே அழுகை. பிறந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றால் இதைப் பார்த்து யாரும் கவலைப்படுவதில்லை. ஆறாம் மாதத்திலும் இப்படித்தான் இருக்கிறது என்றால் வீட்டில் பேச்சு எழுகிறது. கைபேசியில் தேடிப் பார்க்கும் தாயின் கண்ணில் முதலில் படும் சொல் ‘மூளை முடக்குவாதம்’. செரிப்ரல் பால்சி என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

ஓர் அனிச்சை சில வாரம் தாமதமாக மறைவதை மட்டும் வைத்து மூளை முடக்குவாதம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அனிச்சை ஒரு குறிப்பிட்ட விதத்தில் நீடித்தால், மூளையில் ஏதோ பாதிப்பு இருக்கலாம் என்பதற்கான ஆரம்ப அடையாளங்களில் அதுவும் ஒன்று. இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. தேவையில்லாத பயமும் குறையும், தேவையான நேரத்தில் மருத்துவரிடம் போவதும் தள்ளிப்போகாது.

எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன?

கன்னத்தைத் தொட்டால் வாயைத் திறந்து அந்தப் பக்கம் திரும்புவது, உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுக்கிப் பிடிப்பது, தலை சட்டென்று பின்னால் சாய்ந்தால் கைகளை விரிப்பது ஆகியவை குழந்தை கற்றுக்கொண்டு செய்பவை அல்ல. கருவிலேயே உருவாகிவிடும் அனிச்சைகள் இவை. இவற்றை இயக்கும் நரம்புச் சுற்றுகள் மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் உள்ளன. கைகளை விரிக்கும் அனிச்சையை 1918இல் விவரித்தவர் ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோ. அதனால் அதை மோரோ அனிச்சை என்கிறார்கள்.

குழந்தை பிறக்கும்போது மூளையின் மேற்புறணி இன்னும் உடலைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்திருக்காது. அடுத்த சில மாதங்களில் அங்கிருந்து கீழே தண்டுவடம்வரை இறங்கும் நரம்பு இழைகள் முதிர்ச்சி அடைகின்றன. விரும்பிக் கையை நீட்டுவது, விரும்பிப் பிடிப்பது, விரும்பி விடுவது எல்லாம் அப்போது தொடங்குகின்றன. பழைய அனிச்சைகள் அதே வேளையில் அடங்குகின்றன. மோரோவும் உள்ளங்கைப் பிடிப்பும் பெரும்பாலான குழந்தைகளில் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். கால்விரல்களின் பிடிப்பு மட்டும் ஒரு வயதை ஒட்டிக்கூட இருக்கலாம்.

அடங்குவது என்றால் அழிந்துபோவதல்ல. முதுமையில் மறதிநோய் வந்தவர்களிடமும், மூளையின் முன்பகுதியில் காயம்பட்டவர்களிடமும் குழந்தைப் பருவத்து உள்ளங்கைப் பிடிப்பு சில நேரம் திரும்பத் தோன்றுகிறது. அந்தச் சுற்று ஆயுள் முழுக்க உள்ளே இருக்கிறது, மேலே இருந்து அதை அடக்கிவைத்த கட்டுப்பாடுதான் தளர்ந்திருக்கிறது என்பதற்கு இது சான்று. மூளை முடக்குவாதத்தில் இந்தக் கட்டுப்பாடு உரிய காலத்தில் உருவாவதே இல்லை, அல்லது அரைகுறையாக உருவாகிறது. அனிச்சை நீடிப்பது நோயின் விளைவுதான், காரணம் அல்ல. கடைசியில் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு முக்கியமாகும்.

ஆனால் ஓர் அனிச்சை மறைவதற்கு எப்போதும் மூளை மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. பிறந்த குழந்தையை நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைத் தரையில் பட வைத்தால் நடப்பதுபோல் கால்களை மாற்றி மாற்றி வைக்கும். இரண்டு மாத வாக்கில் இது நின்றுவிடும். மேல்மூளை முதிர்ந்து இதை அடக்கிவிட்டது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1980களில் அமெரிக்க உளவியலாளர் எஸ்தர் தெலனும் அவருடைய குழுவினரும், நடை குறைந்துவந்த குழந்தைகளை இடுப்புக்கு மேல்வரை வெதுவெதுப்பான நீரில் நிறுத்திப் பார்த்தார்கள். நடை திரும்ப வந்தது! கால்களில் சிறு எடை கட்டியபோது நடை குறைந்தது. தொடை கொழுத்துக் கனமாகிவிட்டதால் அதைத் தூக்கத் தசைக்கு வலுப் போதவில்லை என்பதும் ஒரு காரணம் என்று தெரிந்தது. அனிச்சை மறையும் தேதிகளைத் தேர்வு மதிப்பெண்போல் பார்க்கக் கூடாது என்பதற்கு இந்தச் சோதனை நல்ல பாடம்.

கழுத்து அனிச்சை: இருக்கிறதா என்பதல்ல, விடுபட முடிகிறதா என்பதே கேள்வி

மூளை முடக்குவாதம் பற்றிய பேச்சில் மருத்துவர்கள் கூர்ந்து பார்ப்பவற்றில் ஒன்று கழுத்து அனிச்சை. மல்லாந்து படுத்திருக்கும் குழந்தையின் தலை வலப்பக்கம் திரும்பினால் வலது கையும் காலும் நீளும், இடது கை முழங்கையில் மடங்கித் தலையின் பின்புறம் போகும். வில்லை இழுத்து நிற்பவரின் தோற்றம் அப்போது வந்துவிடும். இடப்பக்கம் திரும்பினால் எல்லாம் மாறிவிடும். முதல் சில மாதங்களில் இது இயல்பு. ஆறு மாதத்துக்குள் அடங்கிவிட வேண்டும்.

பரிசோதனை எளிமையானது. குழந்தை விழித்திருக்க வேண்டும், அழாமலும் பசி இல்லாமலும் இருக்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்து, தலை நடுவில் இருக்கும்போது உடல் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு தலையை மெதுவாக ஒரு பக்கம் திருப்பிச் சில நொடிகள் வைத்திருப்பார்கள். அடுத்து மறுபக்கம். இதைச் சில முறை செய்வார்கள்.

பார்க்க வேண்டியது இதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான். ஆரோக்கியமான மூன்று மாதக் குழந்தையும் அந்தத் தோற்றத்துக்குப் போகும். ஆனால் கொஞ்ச நேரத்தில் சிணுங்கி, கையை அசைத்து, வாய்க்குக் கொண்டுபோய் அதிலிருந்து வெளியே வந்துவிடும். தலை திரும்பிய ஒவ்வொரு முறையும் அந்த நிலையில் சிக்கிக்கொண்டு, அழுதாலும் திமிறினாலும் தலையைத் திருப்பிவிடும்வரை விடுபட முடியாமல் கிடந்தால் அது எந்த வயதிலும் இயல்பு அல்ல. இரண்டாவது மாதத்தில்கூட அல்ல. காலண்டரைவிட இந்த ஒரு வேறுபாடு அதிகம் சொல்கிறது.

இந்த அனிச்சை பிடிவாதமாக நீடிக்கும்போது குழந்தையின் அன்றாடம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கிலுகிலுப்பையைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கை விறைத்து நீண்டுவிடும். பார்க்கும் பொருளைப் பிடித்து முகத்துக்கு முன் கொண்டுவர முடியாது. இரண்டு கைகளும் நடுவில் சந்திக்காது. கையை வாயில் வைக்க முடியாது. குப்புற விழ முயன்றால், திரும்பும் பக்கத்தில் நீண்டு நிற்கும் கையே தடையாகிவிடும். உட்காரவைத்தால் தலை திரும்பும் ஒவ்வொரு முறையும் உடல் சாய்ந்து விழும். அந்தப் பிள்ளை முயலாமல் இல்லை. முயலும்போதெல்லாம் கழுத்து அனிச்சை முந்திக்கொள்கிறது.

இரண்டு குழந்தைகள்

இப்படிப்பட்ட கேள்வியோடு வரும் இரண்டு குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் ஆறு மாதம். இருவரிடமும் கழுத்து அனிச்சை தெரிகிறது.

முதல் குழந்தை 30 வாரத்தில் பிறந்த பெண். ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான எடை, சில வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவு. இப்போது பிறந்து 26 வாரம் ஆகிறது. ஆனால் முழு மாதம் என்பது 40 வாரம். பத்து வாரம் முந்திப் பிறந்திருப்பதால் அதைக் கழிக்க வேண்டும். 26இல் 10 போனால் 16 வாரம். வளர்ச்சியைப் பொறுத்தவரை இந்தக் குழந்தைக்கு நான்கு மாதம்கூட நிறையவில்லை. இதைத் திருத்திய வயது என்பார்கள். தலையைத் திருப்பினால் கை நீளுகிறது, ஆனால் சில நொடிகளில் அவளாகவே கையை எடுத்து வாயில் வைத்துக்கொள்கிறாள். உள்ளங்கைகள் பெரும்பாலும் திறந்திருக்கின்றன. இரு பக்கமும் ஒரே மாதிரி அசைகிறாள். இவளிடம் பயப்பட எதுவும் தெரியவில்லை. குறைமாதத்தில் பிறந்ததால் தொடர் கண்காணிப்பு வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது குழந்தை நிறைமாதத்தில் பிறந்த ஆண். பிறந்தவுடன் அழவில்லை. முதல் நாளிலேயே வலிப்பு வந்தது. “சிரிக்கிறான் டாக்டர், முகம் பார்க்கிறான். ஆனா கையில எதையும் புடிக்க மாட்டேங்கிறான்” என்கிறார் அம்மா. “இவங்கப்பாவுக்கும் கழுத்து லேட்டாத்தான் நின்னுச்சு, எல்லாம் சரியாப் போயிடும்” என்கிறார் கூட வந்த பாட்டி.

மருத்துவர் முதலில் தொடாமல் பார்க்கிறார். இரு கைகளும் முஷ்டியாக இருக்கின்றன, கட்டைவிரல் உள்ளே மடங்கியிருக்கிறது. கைகளைப் பிடித்து மெதுவாக எழுப்பினால் தலை பின்னால் தொங்குகிறது. உடல் ஒரு நேரம் விறைக்கிறது, இன்னொரு நேரம் தளர்கிறது. வலப்பக்கம் ஒரு பொம்மையைக் காட்டுகிறார். குழந்தை ஆசையாகத் திரும்புகிறது. உடனே வலது கை நீண்டு விறைக்கிறது, இடது கை தலைக்குப் பின்னால் போய்விடுகிறது. பொம்மை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. எடுக்க முடியவில்லை. முகம் சுளித்து அழுகிறது. அழுதும் அந்த நிலை உடையவில்லை. மருத்துவர் தலையை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கைகள் தளர்கின்றன. இடப்பக்கத்திலும் இதேதான்.

இந்தப் பாட்டியின் நம்பிக்கையை இங்கே மென்மையாக மறுத்தே ஆக வேண்டும். காரணம் கழுத்து அனிச்சை மட்டும் அல்ல. பிறப்பின்போது ஆக்சிஜன் குறைந்த வரலாறு, வலிப்பு, மூடிய முஷ்டி, நிற்காத கழுத்து, விடுபட முடியாத அனிச்சை எல்லாம் சேர்ந்து ஒரே திசையைக் காட்டுகின்றன. எம்.ஆர்.ஐ. எடுத்தால், இத்தகைய குழந்தைகளில் மூளையின் ஆழத்தில் உள்ள அசைவைச் சீராக்கும் பகுதிகளில் பாதிப்பு தெரிவதுண்டு. மூளை முடக்குவாதத்தில் ஒருவகை இப்படித்தான் தொடங்குகிறது. கடுமையான மஞ்சள் காமாலை மூளையைத் தாக்கினாலும் இதே பகுதிகள் பழுதாகும். பழைய அனிச்சைகள் பலமாக நீடிப்பதும் இந்த வகையில் அதிகம்.

அனிச்சை மட்டும் போதாது

எதிர்ப்பக்கமும் உண்டு. மூளை முடக்குவாதம் உள்ள எல்லாக் குழந்தைகளிடமும் அனிச்சைகள் நீடிப்பதில்லை. ஒரு பக்கக் கை, கால் மட்டும் லேசாகப் பாதிக்கப்பட்ட குழந்தையிடம் அவை ஏறக்குறைய நேரத்துக்கே அடங்கிவிடலாம். அங்கே முதலில் கண்ணில் படுவது, ஒரு வயதுக்கு முன்பே குழந்தை எப்போதும் ஒரே கையைப் பயன்படுத்துவது. “பிள்ளை இடதுகைப் பழக்கம்” என்று வீட்டார் மகிழ்ந்து சொல்வதுண்டு. ஒரு வயதுக்குள் இயல்பாகக் கைப் பழக்கம் நிலைப்பதில்லை. அப்படி நிலைத்துவிட்டால், பயன்படுத்தாத மறுகையைத்தான் சோதிக்க வேண்டும்.

பிறந்த குழந்தையிடம் இருக்க வேண்டிய அனிச்சை இல்லாமல் போவதும் எச்சரிக்கைதான். மோரோவில் ஒரு கை மட்டும் விரியவில்லை என்றால் காரணம் மூளையாக இருக்காமல், பிரசவத்தில் தோள் நரம்பு இழுபட்டதாகவோ காறை எலும்பு முறிந்ததாகவோ இருக்கலாம்.

ஆகவே இன்று மருத்துவர்கள் அனிச்சையை மட்டும் நம்புவதில்லை. 2017இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் மூன்று சோதனைகளை முன்னிறுத்தியது. ஐந்து மாதத்துக்கு முன் (திருத்திய வயதில்), குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்போது தானாகச் செய்யும் அசைவுகளைக் காணொளியாக எடுத்து ஆராய்வது ஒன்று. ஆஸ்திரியாவின் ஹைன்ஸ் ப்ரெக்ட்ல் உருவாக்கிய முறை இது. மூன்றாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதம்வரை கழுத்து, உடல், கை, கால் எங்கும் ஓயாமல் ஓடும் சிறுசிறு அசைவுகள் இருக்க வேண்டும். அவை முற்றிலும் இல்லை என்றால் பெரிய எச்சரிக்கை. மூளை முடக்குவாதம் வரப்போகும் குழந்தைகளில் நூற்றுக்கு 98 பேரை இந்தச் சோதனை முன்கூட்டியே பிடித்துவிடுவதாக அந்த வழிகாட்டுதல் கூறியது. இரண்டாவது, 78 மதிப்பெண் கொண்ட ஹேமர்ஸ்மித் நரம்பியல் பரிசோதனை. குழந்தையின் தசை இறுக்கம், அசைவு, எதிர்வினைகள் எல்லாம் அதில் மதிப்பிடப்படும். மூன்றாவது எம்.ஆர்.ஐ.

இந்தப் பரிசோதனைகளில் பழைய அனிச்சை போவதோடு புதியது வருவதையும் பார்ப்பார்கள். குழந்தையைத் தூக்கித் தலைகீழாகப் படுக்கையை நோக்கி வேகமாக இறக்கினால், எட்டு ஒன்பது மாதத்தில் கைகளை முன்னால் நீட்டித் தன்னைத் தாங்கிக்கொள்ளும். இந்தத் தற்காப்பு எதிர்வினை வாழ்நாள் முழுக்க இருக்கும். அது உரிய காலத்தில் வரவில்லை என்பதும், ஒரு கை மட்டும் நீள்கிறது என்பதும் முக்கியமான தகவல். பெற்றோர் வீட்டில் இதைச் செய்து பார்க்கக் கூடாது.

தூக்கிவாரிப் போடுவதா, வலிப்பா?

பெற்றோர் அறிய வேண்டிய அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. மோரோ என்று எண்ணி விட்டுவிடப்படும் ஒருவகை வலிப்பு உண்டு. பெரும்பாலும் மூன்றிலிருந்து எட்டு மாதத்துக்குள் தொடங்கும் இதில், குழந்தை சட்டென்று உடலை மடக்கிக் கைகளை வீசும், அல்லது தலையைக் குனியும். பார்த்தால் தூக்கிவாரிப் போட்டதுபோலவே இருக்கும். வயிற்றுவலி என்றும் நினைத்துவிடுவார்கள்.

மோரோவுக்குச் சத்தமோ, தலை சாய்ந்ததோ ஏதாவது ஒரு தூண்டல் இருக்கும், ஒருமுறை வந்து நின்றுவிடும். இந்த வலிப்பு எந்தத் தூண்டலும் இல்லாமல் வரும். சில நொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கொத்துக்கொத்தாக வரும். தூங்கி எழுந்தவுடன் அதிகம். குழந்தை கற்றுக்கொண்ட சிரிப்பும் கண்தொடர்பும் குறைந்துகொண்டே போகலாம். இப்படித் தெரிந்தால் கைபேசியில் படம் பிடித்து அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கும்.

அனிச்சையை ‘அழிக்கும்’ பயிற்சிகள்

நீடிக்கும் அனிச்சைதான் எல்லாவற்றுக்கும் வேர், அதைப் பயிற்சியால் அழித்துவிட்டால் குழந்தை சரியாகிவிடும் என்று சொல்லிப் பணம் வாங்கும் இடங்கள் உலகெங்கும் உண்டு. படிப்பில் பின்தங்குதல், கவனக்குறைவு, ஆட்டிசம் என்று பட்டியல் நீளும். குழந்தையின் கை, கால்களை ஒரு குழுவே பிடித்துத் தவழும் வரிசையில் மணிக்கணக்காக அசைக்கும் டோமன்–டெலகாட்டோ முறை இதன் பழைய வடிவம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அதன் உரிமைகோரல்களுக்கு ஆதாரம் இல்லை என்று பலமுறை அறிவித்திருக்கிறது.

அனிச்சை நீடிப்பது மேலே உள்ள பாதிப்பின் விளைவு என்பதால், அனிச்சையை மட்டும் துரத்துவதில் பயன் இல்லை. இரண்டாவது குழந்தைக்கு நல்ல சிகிச்சையாளர் முதலில் செய்வது, அனிச்சை தூண்டப்படாத நிலையைக் கண்டுபிடிப்பது. தலையும் உடலும் நேர்க்கோட்டில் வரும்படி இருக்கையை அமைப்பார். ஒருக்களித்துப் படுக்கவைத்து இரு கைகளும் முகத்துக்கு முன் சந்திக்கும்படி செய்வார். பொம்மையைப் பக்கவாட்டில் காட்டாமல் நேர் முன்னே காட்டுவார். உணவும் நேர் முன்னிருந்தே தரச் சொல்வார். பிறகு குழந்தை தானாக முயன்று தொடும்படி, பிடிக்கும்படி, அதற்கு விருப்பமான செயலையே திரும்பத் திரும்பப் பழக்குவார். அசைவைக் குழந்தை தானே தொடங்க வேண்டும். பிறர் அசைத்துவிடுவதால் அது கற்றுக்கொள்வதில்லை.

எப்போது போக வேண்டும்?

திருத்திய வயதில் நான்கு மாதம் முடிந்தும் கைகள் முஷ்டியாகவே இருந்தால், எழுப்பும்போது தலை பின்னால் தொங்கினால், ஒன்பது மாதத்தில் உட்கார முடியவில்லை என்றால், ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால், ஆறு மாதத்துக்குப் பிறகும் கழுத்து அனிச்சை தெளிவாகத் தெரிந்தால் அல்லது எந்த மாதத்திலும் குழந்தை அதில் சிக்கிக்கொண்டால் காட்ட வேண்டும். பிறந்தவுடன் அழாதவர்கள், குறைமாதக் குழந்தைகள், வலிப்பு அல்லது கடும் மஞ்சள் காமாலை வந்தவர்கள் ஆகியோருக்கு அறிகுறி தெரியும்வரை காத்திருக்கவே கூடாது. மூன்று நான்கு மாதத்திலேயே பரிசோதனை தேவை. நம் மாவட்டங்களில் அரசு நடத்தும் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் (டி.இ.ஐ.சி.) இதற்காகவே உள்ளன.

போகும்போது மூன்று தகவல்களைக் கையில் வைத்திருங்கள்: எத்தனை வாரத்தில் பிறந்தது, பிறந்த முதல் வாரத்தில் என்ன நடந்தது, குழந்தை விழித்து மல்லாந்து கிடக்கும் இரண்டு மூன்று நிமிடக் காணொளி. உறுதியான பெயர் சொல்ல மருத்துவருக்குச் சில மாதம் ஆகலாம். மூளை முடக்குவாதத்துக்கு ‘அதிக ஆபத்து’ என்ற இடைக்காலக் கணிப்போடேயே பயிற்சியைத் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு ஆண்டுகள், பெயர் உறுதியாகட்டும் என்று காத்திருந்து கழிக்க வேண்டியவை அல்ல.